வாழை நோய்ப் படங்களில் ஃபிளிப்பும் கிராப்பும்: அறிகுறியிலிருந்து பிழையைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

களக்காடு, ஏர்வாடி, சேரன்மகாதேவி பக்கத்து வாழைத் தோட்டங்களில் நானும் நண்பர் ஒருவரும் செல்போனில் எடுத்த 320 படங்களை வைத்து, வாழைக்கு வந்திருப்பது எந்த நோய் என்று சொல்லும் ஒரு மாடலைப் பயிற்றுவிக்க முயன்றோம். நல்ல வாழை, சிகடோகா இலைப்புள்ளி, வாடல் நோய், முடிக்கொத்து நோய் என்று நான்கு வகை. வகைக்கு 80 படங்கள். இது மிகச் சிறிய தொகுப்பு. ஆகவே எல்லோரும் செய்வதைப் போல, பயிற்சியின்போது ஒவ்வொரு படத்தையும் இடவலமாகவோ தலைகீழாகவோ திருப்பியும், அதில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்தும், இருப்பதைப் பலவாகக் காட்டும் ஆக்மென்டேஷன் முறையைக் கையாண்டோம். அதில் பட்ட இடர்களை, வெளியே தென்பட்ட அறிகுறியை முதலில் வைத்து, காரணத்தை அதன்பின் வைத்து எழுதுகிறேன். குறிநிரல்கள் `torchvision` சார்ந்தவை. வேறு நூலகம் பயன்படுத்துவோருக்கும் காரணங்கள் மாறா.

நோய்களைப் பற்றி ஒரு சொல். சிகடோகாவில் இலை நரம்புகளுக்கு இணையாக மஞ்சள் கோடுகள் தோன்றி, பின்னர் நடுவில் சாம்பல் நிறமும் சுற்றிலும் பழுப்பு விளிம்பும் கொண்ட புள்ளிகளாகின்றன. வாடல் நோயில் முதிர்ந்த அடி இலைகள் மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்குகின்றன. முடிக்கொத்தில் புது இலைகள் குறுகிக் குட்டையாகி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கின்றன. சிகடோகாவை இலையின் எந்தத் துண்டிலும் அடையாளம் காணலாம். மற்ற இரண்டையும் மரத்தின் எந்த இடத்தில், எந்தத் திசையில் நிகழ்ந்திருக்கிறது என்பதை வைத்தே அறிய முடியும். கீழே வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்து கிளைத்தவையே.

## அறிகுறி 1: சரிபார்ப்பில் துல்லியம் மிக உயர்வு, புதிய தோட்டத்தில் படுதோல்வி

சரிபார்ப்புப் படங்களில் ஏறக்குறைய எல்லாம் சரியாக வந்து, மறுநாள் வேறொரு தோட்டத்தில் எடுத்த படங்களில் பாதி தவறினால், படங்களைப் பெருக்கிய வரிசையை முதலில் பாருங்கள். 320 படங்களையும் முதலில் திருப்பியும் வெட்டியும் ஆயிரக்கணக்கான கோப்புகளாகச் சேமித்துவிட்டு, அதன்பின் பயிற்சிக்கு இவ்வளவு, சரிபார்ப்புக்கு இவ்வளவு என்று குலுக்கிப் பிரித்திருந்தால், ஒரே வாழையின் நேர்ப்படம் பயிற்சியிலும் அதன் இடவலப் பிம்பம் சரிபார்ப்பிலும் போய் உட்கார்ந்திருக்கும். மாடல் நோயைக் கற்றிருக்க வேண்டிய தேவையே இல்லை. அந்த மரத்துக்குப் பின்னால் நிற்கும் பம்புசெட் அறையை நினைவில் வைத்திருந்தாலே போதும்.

முதலில் பிரித்துவிட்டு, பயிற்சிப் பகுதியை மட்டும், அதுவும் படத்தை ஏற்றும் நேரத்தில் மட்டும் மாற்ற வேண்டும். பிரிப்பதையும் படவாரியாகச் செய்யாமல் தோட்டவாரியாகச் செய்ய வேண்டும், ஏனெனில் ஒரே மரத்தை இரண்டு அடி தள்ளி நின்று எடுத்த இரண்டு படங்களும் ஒன்றுக்கொன்று நகல் போன்றவைதாம். நாங்கள் 14 தோட்டங்களில் 4 தோட்டங்களை முழுமையாக ஒதுக்கினோம். வகைக்கு 20 ஆக 80 படங்கள் சரிபார்ப்புக்கும், 240 படங்கள் பயிற்சிக்கும் கிடைத்தன. துல்லியம் உடனே கீழே விழுந்தது. விழுந்த எண்தான் உண்மையான எண். இனிக் கீழே சொல்லப்படும் எதையும் அந்த எண்ணை வைத்துத்தான் அளக்க முடியும் என்பதால் இதை முதலில் வைத்தேன்.

## அறிகுறி 2: பயிற்சித் துல்லியம் ஏற மறுக்கிறது

பயிற்சித் துல்லியம் சரிபார்ப்புத் துல்லியத்தைவிடக் குறைவாக இருப்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். ஆக்மென்டேஷன் இருக்கும்போது அது இயல்பு: பயிற்சியில் மாடல் பார்ப்பவை வெட்டப்பட்ட, கடினமான படங்கள், சரிபார்ப்பில் பார்ப்பவை முழுமையான, எளிய படங்கள். ஆனால் அதே தோற்றத்துக்குள் உண்மையான கோளாறும் ஒளிந்திருக்கக்கூடும். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. பயிற்சிப் படங்களையே, திருப்பாமல், தற்செயலாக வெட்டாமல், சோதனைக்குரிய மாற்றத்தோடு ஏற்றி, `model.eval()` நிலையில் மதிப்பிடுங்கள்.

```python
check = datasets.ImageFolder("train", transform=test_tf)
```

இதில் துல்லியம் உயர்ந்து நின்றால் கவலையில்லை. முன்பு கண்ட தாழ்வு கடினமான பாடத்தின் தாழ்வு மட்டுமே. தான் படித்த படங்களையே முழுமையாகக் காட்டியும் மாடல் தடுமாறுகிறது என்றால், பெரும்பாலும் பாடமே பொய்யாக இருக்கிறது என்று பொருள்: வெட்டிய துண்டில் நோய் இல்லாதபோதும் நோயின் பெயர் மட்டும் அதனோடு ஒட்டிக்கொண்டு போகிறது. அது எப்படி நடக்கிறது என்பதுதான் அடுத்த அறிகுறி.

## அறிகுறி 3: மொத்தத் துல்லியம் உயர்ந்தது, ஒரு வகை மட்டும் சரிந்தது

இதுதான் எங்களை அதிக நாள் அலைக்கழித்தது. மொத்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் முதல் வாரம் இது கண்ணிலேயே படவில்லை. கிராப் எதுவும் இல்லாதபோது ஒதுக்கி வைத்த 20 முடிக்கொத்துப் படங்களில் 15 சரியாக வந்துகொண்டிருந்தன. எங்கும் கிடைக்கும், தற்செயல் கிராப் அடங்கிய வழக்கமான சேர்மானத்தை அப்படியே எடுத்துப் போட்டதும் சிகடோகாவின் துல்லியம் நன்றாக ஏறியது, மொத்தமும் ஏறியது. முடிக்கொத்தோ 7-க்கு இறங்கியது. எந்த வகை எந்த வகையாகத் தவறுகிறது என்று கட்டம்கட்டிப் பார்த்தபோது, தவறியவை ஏறக்குறைய எல்லாமே ‘நல்ல வாழை’ என்ற கட்டத்தில் கிடந்தன.

இருபது படங்களில் ஒன்றிரண்டு கூடுவதையும் குறைவதையும் பொருட்படுத்தத் தேவையில்லை. எட்டுப் படங்கள் ஒரே திசையில் நகர்ந்து ஒரே கட்டத்தில் விழுவது வேறு கதை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. 2022-இல் பாலெஸ்ட்ரியேரோ, போட்டூ, லெகன் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வில், `ImageNet` தொகுப்பில் தற்செயல் கிராப்பைச் சேர்த்ததனாலேயே ஒரு வகைச் சிலந்தியின் துல்லியம் 68 சதவீதத்திலிருந்து 46 சதவீதத்துக்கு விழுந்ததைக் காட்டியிருக்கிறார்கள். ஆக்மென்டேஷனின் நன்மையும் தீமையும் எல்லா வகைக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பதே அவர்கள் முடிவு.

காரணம் தேடும் முன், மாடலுக்கு உண்மையில் என்ன போகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இந்த மூன்று வரிகள் போதும்:

```python
from torchvision.utils import save_image
images, labels = next(iter(train_loader))
save_image(images[:32], "paar.png", nrow=8, normalize=True)
```

அந்த 32 கட்டங்களையும் அச்சிட்டு, நோயின் பெயரை எழுதாமல், படம் எடுக்க எங்களை அனுமதித்த ஒரு பெரியவரிடம் களக்காட்டில் கொண்டுபோய்க் காட்டினேன். நாற்பது ஆண்டாக ஏத்தன் வாழை போடுபவர். சிகடோகாத் துண்டுகளைத் தயக்கமில்லாமல் தொட்டுக் காட்டினார். முடிக்கொத்து என்று எங்கள் பட்டியலில் இருந்த ஒரு கட்டத்தில் அவர் விரல் நின்றது.

“இதுல என்ன நோயின்னு சொல்லுங்க அண்ணாச்சி.”

“வெறும் தண்டும் ரெண்டு அடியிலையும்தான தம்பி இருக்கு. இதுல என்னத்தச் சொல்லுதது? குருத்தக் காட்டுங்க, சொல்லுதேன்.”

அவருக்குத் தெரியாததை மாடல் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் ‘தெரியவில்லை’ என்று சொல்லும் உரிமை மாடலுக்கு நாங்கள் கொடுக்கவில்லை. அந்தத் தண்டையும் அடியிலையையும் காட்டி, இதுதான் முடிக்கொத்து என்று ஒவ்வொரு சுற்றிலும் சாதித்துக்கொண்டிருந்தோம். அதே போன்ற தண்டும் அடியிலையும் ‘நல்ல வாழை’ என்ற பெயரிலும் வந்தன. குருத்து இல்லாத துண்டுகளில் இரண்டும் ஒன்றுபோல இருக்கவே, மாடல் நல்ல வாழை என்ற பக்கமே சாய்ந்தது.

ஏன் குருத்து இவ்வளவு அடிக்கடி விடுபட்டது என்பதற்கு ஒரு சிறு கணக்கு இருக்கிறது. `RandomResizedCrop` தன் இயல்பான அமைப்பில் படப் பரப்பில் 8 சதவீதம் முதல் 100 சதவீதம் வரையுள்ள ஏதோ ஒரு பங்கை வெட்டுகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு வெட்டு, படத்தின் கால் பங்குக்கும் குறைவானது. இப்போது சரியாகக் கால் பங்கு, அதாவது பாதி அகலமும் பாதி உயரமும் கொண்ட ஒரு வெட்டை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் விளிம்பு, படத்தின் உச்சியிலிருந்து பாதி உயரம் வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம். படத்தின் நட்டநடுவில் உள்ள புள்ளி, வெட்டு எங்கே விழுந்தாலும் உள்ளேயே இருக்கும். உச்சியிலிருந்து பத்தில் ஒரு பங்கு தொலைவில் உள்ள புள்ளியோ, வெட்டின் மேல் விளிம்பு அந்த முதல் பத்தில் ஒரு பங்குக்குள் விழுந்தால் மட்டுமே உள்ளே வரும். அதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்று. ஓர் ஓரத்துக்கு இந்த நிலை. மேலும் இடப்பக்க ஓரத்தையும் ஒட்டிய மூலைப் புள்ளியாக இருந்தால் இருபத்தைந்தில் ஒன்று.

ஆக, தற்செயல் கிராப் எல்லா இடத்தையும் சமமாக வெட்டுகிறது என்ற எண்ணம் தவறு. அது நடுவைப் போற்றி ஓரத்தைக் கைவிடுகிறது. முழு மரத்தையும் போனில் நெடுக்கு வாட்டில் எடுத்தால் குருத்து எப்போதும் மேல் ஓரத்தில்தான் இருக்கும். இலை விளிம்பிலிருந்து மஞ்சளாகும் சாம்பல்சத்துக் குறைபாட்டைச் சேர்ப்பவர்களுக்கும் இதே கதிதான்.

### நாங்கள் முதலில் செய்த தவறான திருத்தம்

வெட்டி விலக்கும் பங்கைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணி, இப்படி மாற்றினோம்:

```python
transforms.RandomResizedCrop(224, scale=(0.8, 1.0), ratio=(1.0, 1.0))
```

குறைந்தது 80 சதவீதம் பரப்பு, உருவம் நெளியாமல் சதுரமாக. பார்ப்பதற்கு மிக மென்மையான அமைப்பு. முடிக்கொத்து 7-லிருந்து 8 ஆனது, அதாவது மாறவில்லை.

காரணத்தைக் காகிதத்தில் கணக்குப் போட்ட பிறகே கண்டோம். எங்கள் படங்கள் 3000 அகலம், 4000 உயரம் கொண்டவை. பரப்பு 1 கோடியே 20 லட்சம் பிக்சல். அதில் 80 சதவீதம் 96 லட்சம். அவ்வளவு பரப்புள்ள சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 3098 பிக்சல். படத்தின் அகலமோ 3000. ஆகவே நாங்கள் கேட்ட வெட்டு எந்தக் காலத்திலும் படத்துக்குள் அடங்காது. `RandomResizedCrop` பத்து முறை முயன்று பார்த்துவிட்டு, பிழைச் செய்தி எதுவும் தராமல், நடுவிலுள்ள 3000 × 3000 சதுரத்தை வெட்டிக் கொடுத்துவிடுகிறது. மேலே 500, கீழே 500 பிக்சல் போய்விடுகின்றன. அதாவது உயரத்தில் எட்டில் ஒரு பங்கு மேலே போய்விடுகிறது. குருத்து இருப்பதோ உச்சியிலிருந்து பத்தில் ஒரு பங்கில். முன்பு அவ்வப்போதாவது தலைகாட்டிய குருத்து, மென்மையான அமைப்பில் ஒருமுறைகூட வரவில்லை. தற்செயல் வெட்டும் நிகழவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதே துண்டுதான் போய்க்கொண்டிருந்தது. `paar.png` கோப்பை இரண்டு முறை எடுத்து ஒப்பிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

சோதனைப் பக்கத்திலும் ஒரு கண்ணி இருந்தது. `Resize(256)` என்று ஒற்றை எண் கொடுத்தால் குறுகிய பக்கம் மட்டுமே 256 ஆகும். எங்கள் படம் 256 × 341 ஆனது. அதன்பின் வந்த `CenterCrop(224)` மேலும் கீழும் தலா 17 சதவீத உயரத்தைச் சீவிவிட்டது. பயிற்சியைச் சரிசெய்திருந்தாலும், சோதனையில் குருத்தைப் பார்க்க மாடலுக்கு வாய்ப்பே இருந்திருக்காது.

### இறுதியாக வைத்துக்கொண்ட அமைப்பு

```python
train_tf = transforms.Compose([
    transforms.Resize((256, 256)),
    transforms.RandomCrop(240),
    transforms.RandomHorizontalFlip(p=0.5),
    transforms.ToTensor(),
])
test_tf = transforms.Compose([
    transforms.Resize((256, 256)),
    transforms.CenterCrop(240),
    transforms.ToTensor(),
])
```

அடைப்புக்குள் இரண்டு எண்கள் இருப்பதைக் கவனியுங்கள்; முழுப் படமும் சதுரமாக அமுக்கப்படுகிறது. வாழை சற்றுக் குட்டையாகத் தெரியும், ஆனால் பயிற்சியிலும் சோதனையிலும் ஒரே அளவில் குட்டையாகத் தெரியும் என்பதால் பாதகமில்லை. வெட்டு 16 பிக்சலுக்கு மேல் நகர முடியாது. குருத்து மேலிருந்து ஏறத்தாழ 26-ஆவது பிக்சலில் இருப்பதால் எப்போதும் உள்ளேயே நிற்கும். இரு பக்கத்திலும் உருப்பெருக்கம் ஒன்றாக இருப்பது இன்னொரு நன்மை. பயிற்சியில் சிறு துண்டுகளைப் பெரிதாக்கிக் காட்டிவிட்டு, சோதனையில் முழுப் படத்தைக் காட்டும்போது பொருள்கள் மாடலுக்குச் சிறுத்துத் தெரியும் தொல்லை இதில் எழுவதில்லை. ஏற்கெனவே பயிற்றுவிக்கப்பட்ட மாடலிலிருந்து தொடங்குவோர் அதற்குரிய `Normalize` வரியை இரண்டிலும் கடைசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் முடிக்கொத்து 17 ஆயிற்று. சிகடோகா சற்றே குறைந்தது, ஏனெனில் அதற்குச் சிறு துண்டுகளும் பெரிதாக்கலும் உண்மையிலேயே உதவிக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற வேண்டுமானால், இலையை அண்மையில் எடுத்த படங்களுக்கு ஒரு மாற்றமும் முழு மரப் படங்களுக்கு வேறொரு மாற்றமும் வைக்கலாம். அப்போது அண்மைப் படங்கள் எல்லா வகையிலும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிகடோகாவில் மட்டும் அண்மைப் படம் இருந்தால், மாடல் நோயை விட்டுவிட்டு உருப்பெருக்கத்தைக் கற்றுக்கொள்ளும்.

## அறிகுறி 4: வாடலும் முடிக்கொத்தும் ஒன்றோடொன்று குழம்புகின்றன

தோட்டக்காரர் எவரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார். ஒன்றில் இலை தொங்குகிறது, மற்றதில் இலை நிமிர்கிறது. மாடல் குழப்பினால், மாற்றங்களின் பட்டியலில் `RandomVerticalFlip` இருக்கிறதா என்று பாருங்கள்.

இடவலமாகத் திருப்பினால் வாழை வாழையாகவே இருக்கும்; கிழக்கே சாய்ந்த இலை மேற்கே சாயும், அவ்வளவே. தலைகீழாகத் திருப்பினால் தண்டைச் சுற்றித் தொங்கும் இலைகள் நிமிர்ந்து நிற்கும், உச்சியில் நிமிர்ந்த கொத்து தலைகுப்புறத் தொங்கும். ஒரு நோயின் உருவம் மற்றதன் உருவத்தை நோக்கி நகர்கிறது. வானமும் மண்ணும் இடம்மாறியிருப்பதைக் கொண்டு மாடல் இதைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளலாம்தான். ஆனால் 240 படங்களில் கிடைக்கும் சிறு அறிவை, உலகில் ஒருபோதும் நிகழாத தலைகீழ் வாழையைப் புரிந்துகொள்ளச் செலவிட வேண்டியதில்லை. முழு மரப் படங்களிலிருந்து அந்த வரியை நீக்குங்கள். கையில் பிடித்து எடுத்த ஒற்றை இலையின் அண்மைப் படத்துக்கு மேல் கீழ் என்பது கிடையாது. அதற்கு இரண்டு ஃபிளிப்பும் தாராளமாகப் போடலாம்.

இடவல ஃபிளிப் எதற்கும் தீங்கில்லாதது என்று பொதுவிதியாகவும் கொள்ளக்கூடாது. தோட்டத்துப் பலகையில் கையால் எழுதிய பெயரைப் படிக்க இன்னொரு சிறு மாடல் செய்தபோது, இதே மாற்றங்களை நண்பர் அப்படியே நகலெடுத்துப் போட்டுவிட்டார். ‘கெ’யின் கொம்பு வலப்பக்கம் போனால் அது எழுத்தே அன்று. கிராப் அதைவிட மோசம்: ‘கொ’வின் வலது ஓரத்தை வெட்டினால் ‘கெ’, இடது ஓரத்தை வெட்டினால் ‘கா’, ‘க்’கின் உச்சியை வெட்டினால் ‘க’. வாழையில் வெட்டு நோயை மறைக்கிறது. தமிழ் எழுத்திலோ அது வேறொரு சரியான எழுத்தையே உருவாக்கிப் பழைய பெயரோடு அனுப்பி வைக்கிறது. அங்கே ஃபிளிப்பை முழுவதும் நீக்கிவிட்டு, எழுத்தைச் சுற்றி வெற்றிடம் சேர்த்து, அந்த வெற்றிடத்துக்குள் மட்டும் நகரும்படி வெட்டை வைத்தோம்.

## அறிகுறி 5: எதைப் போட்டாலும் துல்லியம் அசையவில்லை

2012-இல் கிரிஷெவ்ஸ்கி, சட்ஸ்கேவர், ஹின்டன் மூவரும் தங்கள் மாடலுக்காக 256 × 256 படங்களிலிருந்து 224 × 224 துண்டுகளையும் அவற்றின் இடவலப் பிம்பங்களையும் எடுத்தபோது, பயிற்சித் தொகுப்பு 2048 மடங்கு பெருகியதாகக் குறித்தார்கள். அதே இடத்தில், அப்படிக் கிடைத்த படங்கள் ஒன்றையொன்று பெரிதும் சார்ந்தவை என்றும் எழுதினார்கள். மடங்கை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தப் பிற்பகுதியை மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் வாடல் படங்கள் எல்லாமே ரசகதலித் தோட்டங்களில், காலை வெயிலில் எடுத்தவை. அந்த நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகம் அது என்பதால் அங்கேதான் கிடைத்தன. எவ்வளவு திருப்பினாலும் வெட்டினாலும் அவற்றிலிருந்து ஒரு செவ்வாழை பிறக்கப்போவதில்லை, சாயங்கால வெயிலும் வரப்போவதில்லை. ஒதுக்கிய தோட்டங்களில் தவறியவை எந்த ரகம், எந்த நேரத்தில் எடுத்தவை என்று குறித்துப் பாருங்கள். அவை பயிற்சியில் இல்லாத ரகங்களாகவும் நேரங்களாகவும் இருந்தால், ஆக்மென்டேஷன் வரிகளோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டு, இரண்டு புதிய தோட்டங்களுக்கு நடந்து போவதுதான் விரைவான வழி.

## அறிகுறி 6: தலைகீழ் ஃபிளிப்பை நீக்கிய பிறகும் சாய்ந்த படங்கள் வருகின்றன

`RandomVerticalFlip` வரியை அழித்த பிறகு எடுத்த `paar.png` கோப்பில் சில வாழைகள் இன்னும் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. எங்கள் குறிநிரலில் சுழற்றும் வரி ஒன்றுகூட இல்லை. எல்லாமே நண்பரின் போனில் எடுத்தவை என்று கோப்புப் பெயர்களிலிருந்து தெரிந்தது.

சில போன்கள் நெடுக்கு வாட்டில் எடுத்த படத்தையும் கிடைவாட்டிலேயே சேமித்து, ‘காட்டும்போது இவ்வளவு திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பை மட்டும் `EXIF` பகுதியில் எழுதிவைக்கின்றன. போனின் கேலரி அந்தக் குறிப்பை மதித்துத் திருப்பிக் காட்டுவதால் நம் கண்ணுக்குப் படம் நேராகத் தெரிகிறது. `ImageFolder` தன் இயல்பான வழியில் படத்தைத் திறக்கும்போது அந்தக் குறிப்பைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே மாடலுக்குப் போவது படுத்துக் கிடக்கும் வாழை. திறக்கும் வேலையை நாமே எழுதிக் கொடுத்தால் இது தீரும்:

```python
from PIL import Image, ImageOps

def load(path):
    return ImageOps.exif_transpose(Image.open(path)).convert("RGB")

train_ds = datasets.ImageFolder("train", transform=train_tf, loader=load)
```

சரிபார்ப்புத் தொகுப்புக்கும், மாடலைப் பயன்படுத்தும் செயலிக்கும் இதே `load` போக வேண்டும். எங்கள் தொகுப்பில் நண்பரின் போனில் எடுத்தவை பெரும்பாலும் வாடல் படங்களாக அமைந்துவிட்டன. ரசகதலித் தோட்டங்களுக்கு அவர்தான் போயிருந்தார். படுத்துக் கிடந்தால் வாடல் என்று மாடல் அதுவரை கற்றுக்கொண்டிருந்தது. இந்த வரியைச் சேர்த்த அன்று வாடலின் துல்லியம் 20-க்கு 18 என்பதிலிருந்து 13-க்கு இறங்கியது. அடுத்த வாரம் நான் என் போனை எடுத்துக்கொண்டு ரசகதலித் தோட்டங்களுக்கும், நண்பர் தன் போனை எடுத்துக்கொண்டு ஏத்தன் தோட்டங்களுக்கும் போய், படங்களை மறுபடியும் எடுக்கத் தொடங்கினோம்.